எழுப்பாதே, தூங்கட்டும்

என் கணவர் குடிக்கமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றே என் மாமனார் இதை என் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு சொட்டு தொடமாட்டான் சம்பந்தி. பாக்குகூடப் போடமாட்டான்." ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை அவர். சம்பள நாளன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேரும் ஆண்களைப் பார்த்தே வளர்ந்ததால், பாட்டிலைக் கண்டாலே அவருக்கு ஆகாது. திருச்சியிலிருந்து மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஜாதகத்தைக்கூட அப்புறம்தான் பார்த்தார்.

அவரைச் சாய்த்ததும் ஒரு பாட்டில்தான். அதை யாரும் சாராயக்கடையில் விற்கவில்லை. மருந்துக்கடையில் ஸ்பூனோடு கொடுத்தார்கள்.

மாமனார் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அவரும் அம்பத்தூர்தான், தொழிற்பேட்டையில் ஒரு பெரிய பட்டறையில் கிரேன் ஓட்டுநர். ரோட்டில் ஓடும் கிரேன் இல்லை. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். உயரத்தில் ஒரு கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்பவர் காட்டும் கைச் சைகையைப் பார்த்து, பல டன் இரும்பை ஆட்கள் தலைக்கு மேலே நகர்த்திக்கொண்டு போகும் வேலை. "ஒரு நொடி கண்ண மூடுனா ஒருத்தன் இல்ல" என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் தங்கிவிட்டது. சளியே இல்லாத வறட்டு இருமல். இருமி இருமி விலா எலும்புப் பக்கம் கை வைக்க முடியாமல் வலி. கிரேன் கூண்டில் உட்கார்ந்து இருமினால் கை நடுங்குகிறது என்று பயந்து, பூந்தமல்லியில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். "இதுல கோடீன் இருக்கு. அஞ்சு நாளைக்குத்தான். குடிச்சா தூக்கம் வரும், கிரேன் ஏறக்கூடாது, லீவு போடுங்க" என்றார். சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த சிரப் வேலை செய்தது. முதல் வேளையிலேயே இருமல் அடங்கியது. வாரக்கணக்கில் தூங்காத மனிதர் சோபாவில் சாய்ந்து, முகமெல்லாம் தளர்ந்து, "அப்பாடா" என்றார். இருமல் போன நிம்மதி என்று நான் நினைத்தேன். இருமலோடு இன்னும் எதுவோ போயிருந்தது. பட்டறையில் மேஸ்திரியோடு சண்டை, வீட்டுக் கடன் தவணை, எங்களுக்குக் குழந்தை இல்லாத கதை, எல்லாமே அந்த ஒரு ஸ்பூனில் கொஞ்ச நேரம் தள்ளிப்போயிற்று என்று பிற்பாடு அவரே சொன்னார். "யாரோ நெஞ்சுக்குள்ள கம்பளி போத்துன மாரி கீதுடி."

ஐந்து நாள் முடிந்தும், இருமல் திரும்பிவிடும் என்று அதே சீட்டைக் காட்டிச் சில வாரங்கள் வாங்கிக் குடித்தார், பிறகு நிறுத்தினார். நிறுத்திய இரண்டாம் நாளே அவருக்குச் "சளி" பிடித்தது. மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. அடுக்குத் தும்மல், கண்ணில் நீர், ஓயாத கொட்டாவி. கையில் மயிர்க்கூச்செறிந்து கோழித் தோல் போல ஆகிவிட்டது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. ஆவடிப் பக்கம் யாருக்குத்தான் அந்த மாதங்களில் சளி இல்லை? "மறுபடி புடிச்சிகிச்சி" என்று அவரே எங்கிருந்தோ அதே சிரப்பை வாங்கி வந்தார். குடித்த அரை மணியில் தும்மல் நின்றது, மூக்கு நின்றது, வலி போனது. இவ்வளவு நல்ல மருந்தா என்று நான்கூட வியந்தேன்.

இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். அது சளியே இல்லை. அந்த சிரப் உடம்பை விட்டு இறங்கும்போது உடம்பு போடும் கூச்சல் அது. சளி மாதிரியே வேஷம் போட்டு வரும். சளி என்று நினைத்து அதையே குடித்தால் உடனே நிற்கும். நின்றதும், பார்த்தாயா, சளிக்குத்தான் இந்த மருந்து என்று மனசு சாட்சி சொல்லும். அவரும் முதலில் அப்படித்தான் நம்பினார். பொய் சொல்லிக் குடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். பொய் பிறகு வந்தது.

கேட்காமல் கொடுக்கிற கடை ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். ஸ்பூன் மூடியாயிற்று, மூடி பாட்டிலாயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில் வரை போனதை நான் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதுதான் பார்த்தேன். அதற்குள் வேறு அறிகுறிகளும் சேர்ந்திருந்தன. மலச்சிக்கல் என்று வாழைப்பழமாகத் தின்றார். சும்மா சும்மா மூக்கைச் சொறிந்தார். டிவி பார்த்துக்கொண்டே தலை தொங்கும். கூப்பிட்டால் உடனே நிமிர்ந்து, தொங்கவே இல்லாத மாதிரி பதில் சொல்வார். வெளிச்சம் குறைந்த அறையில்கூட அவர் கண்மணி கடுகு அளவுதான் இருந்தது. எனக்கு அப்போது அது ஒன்றும் புரியவில்லை. வயசானால் கண் இப்படி ஆகும்போல என்று விட்டுவிட்டேன்.

பட்டறையில் ஒரு நாள் கொக்கியில் பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கூண்டில் தலை சாய்ந்துவிட்டார். கீழே நின்றவர் கையைக் காட்டிக் காட்டி, பிறகு கத்தி, பிறகு எல்லோரையும் ஓடச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. கிரேனிலிருந்து இறக்கி, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். உடம்பைச் சரி செய்துகொண்டு வந்தால் மறுபடி ஏற்றுகிறோம் என்றார்கள். கிரேன் ஏறாத அவர், கூண்டை விட்டு விழுந்த குருவி மாதிரி ஆகிவிட்டார்.

அன்று வீட்டில் எல்லாம் வெளியே வந்தது. நான் பாட்டில்களைப் பையோடு எடுத்து வந்து ஹாலில் மாமனார் முன்னால் கொட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "குடிக்காத பிள்ளைன்னு சொல்லித்தானே கட்டி வெச்சீங்க மாமா, எண்ணிப் பாருங்க" என்றேன். மாமனார் எண்ணவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்து, லேபிளை முழுக்கப் படித்தார். அவர் வாழ்நாள் எல்லாம் ஸ்டோரில் வேலை பார்த்தவர். எதையும் படிக்காமல் கையில் வைத்திருக்கமாட்டார்.

"மருந்துதானே இது" என்றார்.

"மருந்துதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். போதை மறக்கடிக்கிற டாக்டர் இருக்காங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "போதையா? இன்னாம்மா பேசற நீ? அங்க வர்றவன்ல பாதி பேரு நம்ம குவார்ட்டர்ஸ் ஆளுங்க. நாளைக்கு ஒவ்வொருத்தனும் என்னக் கேப்பான், உன் புள்ளயும் இங்கதானான்னு கேப்பான். அவன் குடிகாரனா? தூக்கத்துக்குப் பழகிட்டான், அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாவே வெச்சிருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா குடுக்கட்டும். உட்டுடறேன்" என்றார். இரண்டு ஆண்கள் ஒரு பக்கம் நின்றால் அந்த வீட்டில் நான் சொல்வது எடுபடாது. மாமனார் தன் இரும்பு பீரோவில் பாட்டில்களை வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அவர் செய்த காரியம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. குடிகாரக் கணவன் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெண்களை அவர் குடியிருப்பில் நிறையப் பார்த்திருக்கிறார். அதையே மருந்தில் செய்துவிட்டார். கோடீனைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அதே பாட்டிலில் வேறொரு சிரப்பை நிரப்பினார். அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற, குடித்தால் கண்ணைச் சொக்கவைக்கும் அலர்ஜி சிரப். அந்தக் காலத்தில் தொழிற்சாலை மருந்தகத்தில் வாங்கி வந்து, பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் ஆளுக்கு அரை ஸ்பூன் கொடுத்துத் தூங்கவைத்த ஞாபகம் அவருக்கு. சின்னக் குழந்தைக்கே கொடுத்தது, அது என்ன செய்துவிடும்? பையனுக்கு வேண்டியது தூக்கம், இதுவும் தூக்கம் தருகிறது, பழக்கம் மட்டும் ஒட்டாது. இதுதான் அவர் போட்ட கணக்கு. அறிவுகெட்ட மனிதர் இல்லை அவர். தப்பு எங்கே என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

முதல் நாள் ஜெயித்துவிட்டார். என் கணவர் நன்றாகவே தூங்கினார். காலையில் எழுந்தவருக்குத் தலை அம்மிக்கல்லாகக் கனத்தது, வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இது என்ன தூக்கம்? அடிச்சிப் போட்ட மாரி கீது" என்றார். மாமனார் அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் அந்தத் தூக்கமும் கைவிட்டது. அந்த வகை சிரப்பின் மயக்கத்துக்கு உடம்பு சீக்கிரமே பழகிவிடும் என்று பிறகு சொன்னார்கள். கோடீன் விட்டுப்போன பள்ளம் மட்டும் அப்படியே கிடந்தது. வயிற்றுப்போக்கு, வாந்தி, வியர்வை. கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. படுத்தால் உதைத்துக்கொண்டே இருந்தார். சிரப்பைக் குடித்தால் கால் இன்னும் மோசமாக உதைத்தது. "நைனா, இதுல இன்னாவோ கம்மியா கீது. டூப்ளிகேட் சரக்கு" என்று அப்பாவிடம் கெஞ்சினார். நல்ல மனநிலையில் அப்பா, கெட்ட மனநிலையில் நைனா. அது அவர் வழக்கம். மாமனார் உறுதியாக, "அதே மருந்துதான். உனக்குப் பழகிப்போச்சு, அதான் ஏறல" என்றார்.

ஏறவில்லை என்றால் என்ன செய்வான் ஒருவன்? மாமனார் பேங்க்குக்குப் போயிருந்த காலை நேரத்தில், பீரோவை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்து, உள்ளே இருந்த அத்தனை பாட்டிலையும் குடித்துவிட்டார்.

மாமனார் போன் செய்து நான் ஆபீஸிலிருந்து ஓடி வந்தபோது அவர் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. தொட்டால் அனல். ஒரு சொட்டு வியர்வை இல்லை. காற்றில் எதையோ நூல் நூலாகப் பிடித்து இழுத்தார். பிறகு வலது கையை உயர்த்தி விரலைச் சுழற்றினார். கிரேனுக்குக் கீழே நிற்பவர் காட்டும் சைகை அது. "தூக்கு, தூக்கு... டேய் மச்சான், ஆளு கீறாங்க, நிறுத்து" என்றார். என்னை அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், "இன்னா அண்ணாத்தே, வா, கிரேனாண்டயே போலாம்" என்று நைசாகப் பேசித்தான் வண்டியில் ஏற்றினார்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். நான் காலி பாட்டில்களை நீட்டினேன். லேபிளைப் படித்தார், அவரைப் பார்த்தார், மறுபடி லேபிளைப் படித்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி கறுப்பாக விரிந்து, விழி முழுக்க அதுவே நிறைந்திருந்தது.

"இது கோடீன் குடிச்ச ஆள் இல்லையே" என்றார். "இவ்வளவு கோடீன் குடிச்சிருந்தா கண்மணி ஊசிமுனை மாதிரி இருக்கணும். மூச்சு மெதுவா போயிருக்கணும். இவருக்கு எல்லாமே தலைகீழா இருக்கு. கோடீன் கிடைக்காம தவிச்சாலும் கண்ணு விரியும், ஆனா வேர்த்துக் கொட்டும், புத்தி இப்படிப் போகாது. இதுல வேற என்ன இருந்துச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர் இறங்காமல் அடிவயிறு பானையாகப் புடைத்திருந்தது. "அம்மா, தெரிஞ்சா சொல்லுங்க. இதயம் தாறுமாறா ஓடுது. என்னன்னு தெரிஞ்சாதான் நான் எதுக்கு வைத்தியம் பாக்கணும்னு எனக்குத் தெரியும்."

மாமனார் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. "மாமா, என்ன பண்ணீங்க?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் என்னிடம் சொல்லவில்லை, மருத்துவரிடம் சொன்னார், தாழ்ந்த குரலில், மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோலக் கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "அலர்ஜி சிரப் மேடம். நான்தான் மாத்தி ஊத்தி வெச்சேன். தூக்க மருந்து ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன்."

மருத்துவர் திட்டவில்லை. வேலையைப் பார்த்தார். குழாய் வைத்துச் சிறுநீரை இறக்கினார்கள், இதயத்துக்கு ஒயர் மாட்டினார்கள், ஊசி போட்டு அமைதிப்படுத்தினார்கள். மறுநாள் என் கணவருக்கு என்னைத் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு மதியம் அந்த மருத்துவர் என்னையும் மாமனாரையும் என் கணவரின் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டுமே தூக்கம் தரும் ஐயா, ஆனா வேற வேற வழியில. அலர்ஜி சிரப் மூளைய விழிப்பா வெச்சிருக்கிற ஒரு சமாச்சாரத்தத் தடுக்குது, அதனால கண்ண இழுக்குது. அளவு மீறினா புத்தி பேதலிச்சு, உடம்பு காய்ஞ்சு, இதயத்துல போய் நிக்கும். கோடீன் அப்படி இல்ல. அது அபின் ஜாதி. உடம்புக்குள்ள போனதும் அதுல கொஞ்சம் மார்ஃபினா மாறும். வலியும் கவலையும் மறந்து சொகமா இருக்கும், அதனால உடம்பு அதையே திரும்பக் கேக்கும். இல்லன்னா இவர் பட்ட பாடெல்லாம் படும். அளவு மீறினா சத்தமே இல்லாம மூச்சு நிக்கும். ஒண்ணுக்கு இன்னொன்ன மாத்தா குடுக்க முடியாது. ரெண்டும் சேர்ந்தா இன்னும் ஆபத்து."

பிறகு முக்கியமான ஒன்றைச் சொன்னார். இப்போது அவர் உடம்பில் கோடீன் இல்லை, பழக்கமும் இறங்கிவிட்டது. முன்பு தாங்கிய அளவை இனித் தாங்காது. மறுபடி பழைய மாதிரி குடித்தால் அதுவே கடைசியாக இருக்கலாம். அதனால் மனநல மருத்துவர் சொல்லும் மாத்திரையைத் தினமும் இங்கே வந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கோடீன் ஆசையை அது அடக்கிவைக்கும், மாதக்கணக்கில் ஆகும்.

"அந்த மாத்திரையும் அபின் ஜாதியா?" என்று மாமனார் கேட்டார்.

"ஆமா. ஆனா..."

"வேணாம் மேடம்" என்று எழுந்துவிட்டார். என் கணவரும் கட்டிலிலிருந்தே, "நான்தான் சுத்தமாயிட்டேனே. திரும்ப எதுக்குப் போதை?" என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், அப்பாவைத் திருச்சியிலிருந்து வரவழைத்தேன். கழுதையிடம் கெஞ்சியிருந்தாலும் காதையாவது ஆட்டியிருக்கும். தினமும் அந்த வாசலில் வரிசையில் நிற்பதை அவர்கள் இருவராலும் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு வாசலுக்கு வெட்கப்பட்டார்கள்.

சில வாரங்கள் நன்றாகவே போயின. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் சாப்பிட்டார், நடந்தார், செம்பரம்பாக்கம் ஏரிக்கு என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். தூக்கம் மட்டும் வரவில்லை. விட்டவர்களுக்குத் தூக்கம் திரும்ப நாளாகுமாம். விடிய விடியப் புரள்வார். மாமனார் அதைப் பார்த்துப் பார்த்து உருகினார். "ஒரு நாளு தானா தூங்கிட்டான்னா போதும், சரியாயிடுவான்" என்று பிள்ளையார் கோயிலில் வேண்டிக்கொண்டார்.

பனி இறங்கியதும் இருமல் வந்தது. இந்தமுறை நிஜமான சளி. பக்கத்து கிளினிக்கில் தூக்கம் வரும் அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். நான் வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை, அவர் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். திரும்பி வந்து, அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டு, சோபாவில் படுத்திருக்கிறார்.

நான் மாலை நான்கு மணி போல வந்தேன். கதவைத் திறந்த மாமனார் உதட்டில் விரல் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டிவியில் படம் ஓடியது, சத்தம் இல்லை. குக்கர் விசில் சத்தம் எழுப்பிவிடும் என்று சோறு வைக்காமல் இருந்தார். கொசு கடிக்காமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், மத்தியானத்திலிருந்து.

"எழுப்பாதே, தூங்கட்டும்" என்று கிசுகிசுத்தார். "தானா தூங்கிட்டான்மா. பாட்டிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. குறட்டைய பாரு."

குறட்டையைக் கேட்டேன். அது குறட்டை இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுத்த சத்தத்துக்காகக் காத்து நின்றேன். வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தால் உதடு நீலமாக இருந்தது. இமையைத் தூக்கினேன். கண்மணி ஊசிமுனை அளவு இருந்தது. உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி அன்றுதான் முதல்முறையாக அவர் பெயரைச் சொன்னேன். மாமனார் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா எழுப்பற, ஏம்மா எழுப்பற" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கோடீனை முறிக்கும் ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அதைப் போட்டார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். இதயம் திரும்பத் துடிக்கவில்லை. காலி பாட்டில்கள் இரண்டை அவர் நடக்கப் போட்டுப்போன ஜெர்கினின் உள்பையில் கண்டெடுத்தார்கள். பழைய அளவுதான். ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்ததை ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். கூடவே அந்த அலர்ஜி மாத்திரை. பழகிய உடம்பு அதைத் தாங்கியிருந்தாலும் தாங்கியிருக்கும். இந்த உடம்பு புதுசு.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போனார்கள். அப்பா என்னைத் திருச்சிக்குக் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லி நான் போகவில்லை. உண்மையில் அந்தக் கிழவரைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. அவரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே மனசில் இருக்க முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது. சோறு போட்டு வைப்பேன், பேசமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மகன் செத்ததிலிருந்து அவர் மத்தியானத்தில் படுப்பதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே இருப்பார்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "எல்லாரும் விதின்றாங்க. நான் உன்னைக் கேக்கறேன். சாப்பிட்டுப் படுத்தான் பாரு, அப்போ நான் எழுப்பியிருந்தா எழுந்திருப்பானா?"

நான் அடுப்பை அணைத்தேன். இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் நானே கேட்டிருந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்திருந்தால் அந்த ஊசி ஒன்றே போதும் என்று சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்த வீட்டில் பொய் ஊற்றி நிரப்பியது போதும் என்று இருந்தது.

"எழுந்திருப்பார் மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு என்னிடம் இல்லாமல் வேறு யாரிடமோ சொல்வது போல, "எழுப்பணும்னு ஒரு வாட்டி தோணிச்சு. தூங்கறானேன்னு உட்டுட்டேன்" என்றார்.

நான் அவருக்குத் தட்டு வைத்தேன். அன்றுதான் முதல்முறையாக எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். சோற்றில் ஊற்றும்போது ரசம் அவர் மடியில் சிந்தியது. துடைத்துவிட்டேன்.